அக்காவிடம் கைமாற்று கேட்பது: தொகையும் தேதியும் சொல்லிக் கேட்கும் முறை

கைமாற்று என்பது வட்டி இல்லாமல், பத்திரம் இல்லாமல், சில வாரங்களுக்கோ ஒன்றிரண்டு மாதத்துக்கோ வாங்கும் பணம். பேச்சில் கைமாத்து. கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல. ஆனாலும் பாதிக் கைமாற்று மனக்கசப்பில் போய் நிற்கிறது. "கொஞ்சம் பணம் வேணும், சீக்கிரம் தந்துடுறேன்" என்று கேட்டால், அந்தக் "கொஞ்சம்" கொடுப்பவர் மனதில் ஒரு தொகையாகவும் வாங்குபவர் மனதில் வேறு தொகையாகவும் இருக்கும். "சீக்கிரம்" என்பதும் அப்படித்தான். கொடுத்தவருக்கு அது அடுத்த மாதம், வாங்கியவருக்குத் தீபாவளிக்கு முன்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கணக்கை வைத்துப் போகிறது. திருநெல்வேலியில் இருக்கும் தம்பி, மதுரையில் இருக்கும் அக்காவிடம் கேட்கிறார். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் 58,000 ரூபாய், கடைசி நாள் ஜூலை 14. தம்பி ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு கட்டிவருகிறார், அது ஆகஸ்ட் 20-ம் தேதி ஏலத்தோடு முடிகிறது. வீட்டில் அடகு வைக்க நகை மிச்சமில்லை. (நகை இருந்தால் அக்காவிடம் போகவே வேண்டாம். வங்கியில் நகைக் கடன் இரண்டு மாதத்துக்கு வாங்கினால் இந்தத் தொகைக்கு வட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது அரிது. அந்தச் செலவை ஏற்றுக்கொள்வது சொந்தத்துக்கு நல்லது.)

முதலில் தொகை

கேட்கும் தொகை, குறையும் தொகையாகவே இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கட்டணம் 58,000. சேமிப்பில் இருப்பது 12,000. ஜூலைச் சம்பளத்தில் வாடகை, மளிகை, சீட்டுத் தவணை எல்லாம் போக ஒதுக்க முடிவது 8,000. ஆக, கையில் 20,000, குறைவது 38,000. கேட்க வேண்டியது 38,000.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, "எப்படியும் கேட்கிறோம், ஐம்பதாகக் கேட்போம்" என்று கூட்டுவது. கட்டணம் எவ்வளவு, உங்கள் கையில் எவ்வளவு இருந்தது என்று அக்காவுக்கு ஏதோ ஒரு நாள் தெரியவரும், அப்போது கூடுதலாகக் கேட்ட 12,000 எங்கே போனது என்ற கேள்வி எழும். இன்னொன்று கூச்சத்தால் குறைப்பது. 25,000 கேட்டுவிட்டு, நான்கு நாள் கழித்து "இன்னும் ஒரு பதிமூணு" என்று மறுபடி போன் செய்வது. இரண்டாவது முறை கேட்கும்போது, முதல் முறை சொன்ன கணக்கும் பொய்யாகத் தெரியும். கூட்டிக் கேட்பதைவிட இதுதான் அதிகம் கெடுக்கிறது.

38,000 என்பதை 40,000 ஆக முழுமைப்படுத்தவும் வேண்டாம். முப்பத்தெட்டு என்ற ஒற்றை எண்ணே, இவன் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறான் என்று சொல்லிவிடும்.

அடுத்து தேதி

தேதி ஆசையிலிருந்து வரக்கூடாது, பணம் வரும் இடத்திலிருந்து வர வேண்டும். எந்தப் பணத்திலிருந்து திருப்பித் தரப்போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுத முடியாவிட்டால், அந்தக் கைமாற்றை இப்போது கேட்கக்கூடாது. "எப்படியாவது புரட்டித் தந்துடுவேன்" என்பதற்கு இன்னொருவரிடம் கடன் வாங்கித் தருவேன் என்றுதான் பொருள்.

நம் கணக்கில் பணம் வரும் இடம் சீட்டு. கமிஷன் 5 சதவீதம் போனால் 95,000 கைக்கு வரும். ஏலம் ஆகஸ்ட் 20. ஆனால் ஏல நாளும் பணம் கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. சீட்டு நடத்துபவர் மற்றவர்களிடம் தவணை வசூலித்து முடித்த பிறகுதான் பணம் கொடுப்பார், அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே ஆகஸ்ட் 30 வாக்கில் பணம் வரும் என்று வைத்து, அதன்மேல் ஆறு நாள் தளர்வு விட்டால் செப்டம்பர் 5. அக்காவிடம் சொல்ல வேண்டிய தேதி அதுதான்.

ஆகஸ்ட் 20 என்று சொல்லி செப்டம்பர் 3-ல் கொடுத்தால் பதினான்கு நாள் தாமதித்தவர் ஆவீர்கள். செப்டம்பர் 5 என்று சொல்லி அதே 3-ல் கொடுத்தால் இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்தவர். பணம் வந்த நாள் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு.

சம்பளத்திலிருந்து திருப்பித் தருவதாக இருந்தால் வேறு ஒரு பொறி இருக்கிறது. சம்பளம் 1-ம் தேதி வரும், வண்டிக் கடனும் வீட்டுக் கடனும் 5-ம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட நாளில் கணக்கில் தெரியும் தொகையைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிடுவார்கள். தானியங்கிப் பிடித்தம் எல்லாம் போன மறுநாள் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் கையிருப்பு. மாதம் 8,000 மிஞ்சும் வீட்டில் 38,000-ஐ ஒரே மாதச் சம்பளத்தில் அடைக்க முடியாது. ஐந்து தவணை ஆகும் என்றால் ஐந்து தேதியையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

அக்கா கேட்காவிட்டாலும் அத்தான் கேட்பார்: "சீட்டு இருக்குல்ல, ஜூலையிலயே தள்ளி எடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. பதில்: ஜூலை ஏலமும் 20-ம் தேதிதான், கட்டணத்துக்குக் கடைசி நாள் 14. இந்தப் பதில் உடனே வந்தால் பேச்சு அங்கேயே முடியும். யோசித்து இழுத்தால், இவன் வேறு வழியே பார்க்காமல் நேராக நம்மிடம் வந்திருக்கிறான் என்று தோன்றும்.

அதேபோல "காலேஜ்ல டைம் கேட்டுப் பாத்தியா?" என்பதும் வரும். உண்மையிலேயே கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். சில கல்லூரிகளில் இரண்டு தவணையாகக் கட்ட எழுத்தில் கேட்டால் அனுமதிப்பார்கள். அனுமதித்தால் கேட்க வேண்டிய கைமாற்றே பாதியாகும்.

யாரிடம், எப்போது

அக்காவிடம் கேட்கிறீர்கள், ஆனால் பணம் அக்கா வீட்டிலிருந்து வருகிறது. அத்தானுக்குத் தெரியாமல் வாங்கினால், பணம் போன அன்றே வங்கிக் குறுஞ்செய்தியிலோ, இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு பேச்சிலோ தெரிந்துவிடும். அப்போது பழி அக்கா மேல் விழும். எனவே அக்காவிடம் முதலில் பேசினாலும், "அத்தான்கிட்ட சொல்லிட்டுச் சொல்லு, இல்ல நானே பேசவா?" என்று நீங்களே கேட்க வேண்டும். உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாத்தனாரிடம் பணம் வாங்கியது மூன்றாவது ஆள் வாயால் தெரிந்தால் உங்கள் வீட்டில் தனிக் கச்சேரி நடக்கும்.

நாள் பார்ப்பதில் நம்பிக்கை உள்ள வீடுகளில் வெள்ளி, செவ்வாய் பணம் கொடுக்க மாட்டார்கள், மாலை விளக்கு வைத்த பிறகும் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே விஷயமே இல்லை. அந்த நேரத்தில் கேட்டால், கொடுக்க நினைப்பவரையும் இல்லை என்று சொல்ல வைக்கிறீர்கள். மாதக் கடைசி வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எல்லோரும் கூடியிருக்கும் இடம் வேண்டவே வேண்டாம். பத்துப் பேர் நடுவில் இல்லை என்று சொல்ல முடியாத நிலையில் வாங்கிய சம்மதம் வீட்டுக்குப் போனதும் மாறும்.

நம் கணக்குக்கு ஏற்ற நாள் ஜூலை 5 வாக்கில், காலை வேலை முடிந்து அக்கா சற்று உட்காரும் நேரம். கட்டணக் கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. ஜூலை 13-ம் தேதி இரவு கேட்பது, சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழி வைக்காமல் கேட்பது. அக்கா இல்லை என்றால் வேறு இடம் தேட உங்களுக்கும் நேரம் இருக்காது.

வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்க வேண்டாம். உறவினர் பெயரும் படமும் வைத்து "அவசரமா பணம் அனுப்பு" என்று கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் பெருகிவிட்டன. எழுத்தில் வரும் வேண்டுகோளைச் சந்தேகிப்பதுதான் இப்போது சரி. நேரில் போக முடியாவிட்டால் போனில் குரல் கேட்கப் பேசுங்கள்.

கேட்கும் பேச்சு

நலம் விசாரிப்பது ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுக் கடைசியில் பணத்துக்கு வந்தால், முன்னால் பேசிய பாசமெல்லாம் அதற்குத்தான் என்று ஆகிவிடும். பேச்சில் ஐந்து விஷயம் வர வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எந்த நாளுக்குள் வேண்டும், எந்தத் தேதியில் திரும்ப வரும், அந்தப் பணம் எங்கிருந்து வரும். இப்படி:

"அக்கா, ஒரு கைமாத்து கேக்கத்தான் கூப்பிட்டேன். பெரியவனுக்கு காலேஜ் ஃபீஸ் அம்பத்தெட்டாயிரம், பதினாலாம் தேதிக்குள்ள கட்டணும். என்கிட்ட இருபது இருக்கு. முப்பத்தெட்டாயிரம் குறையுது. உன்னால முடியும்னா பத்தாம் தேதிக்குள்ள வேணும். செப்டம்பர் அஞ்சாம் தேதி மொத்தமா திருப்பிக் குடுத்துருவேன். ஆகஸ்ட் இருபதுல சீட்டு முடியுது, அந்தப் பணம்தான். அத்தான்கிட்ட கேட்டுட்டு ரெண்டு நாள்ல சொன்னா போதும். முடியலன்னாலும் சொல்லிரு, எனக்கு வேற பக்கம் பாக்க நேரம் இருக்கு, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

முழுவதும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இல்லை என்று சொல்ல வழி இருந்தால்தான் அக்கா சொல்லும் "சரி" நிற்கும். அதைச் சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் பொறுக்காமல், "இல்ல, முப்பது குடுத்தாக்கூடப் போதும்" என்று தானே இறங்கி வருபவர்கள் நிறைய. போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோகும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "நீ கல்யாணம் ஆகிப் போறப்ப நான் எவ்வளவு செஞ்சேன்" என்ற பழைய கணக்கை எடுத்தால், அது கைமாற்று இல்லை, பழைய பாக்கி வசூல். "உனக்கென்ன, அத்தான் நல்ல சம்பளம்" என்பதும் வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிடித்தங்கள் உங்களுக்குத் தெரியாது.

வரும் பதில்கள்

"சரி" என்றால் தொகையையும் தேதியையும் இன்னொரு முறை சொல்லி முடியுங்கள். "பாக்கலாம்", "அவர்கிட்ட கேக்கணும்" என்பது பல வீடுகளில் இல்லை என்பதன் மரியாதையான வடிவம். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை கேளுங்கள். அப்போதும் தெளிவாக வராவிட்டால் நீங்களே, "பரவால்லக்கா, நான் வேற பக்கம் பாத்துட்டேன்" என்று முடித்துவிடுங்கள். மூன்றாவது போன் போகக்கூடாது.

"இருபதுதான் முடியும்" என்றால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 18,000 இன்னும் குறைகிறது என்பதை அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அதை யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அக்காவுக்குத் தெரியாமல் சித்தப்பாவிடமும், சித்தப்பாவுக்குத் தெரியாமல் மச்சானிடமும் வாங்கினால் அவர்கள் மூவரும் ஒரு விசேஷத்தில் சந்திப்பார்கள்.

"பணமா இல்ல, என் வளையல வச்சு எடுத்துக்கோ" என்ற பதில்தான் சிக்கலானது. பாசத்தில் சொல்வது, ஆனால் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ஏற்றால் வட்டி உங்களுடையது, நகை அவர்களுடையது, திருப்பும் தேதி நகையை மீட்கும் தேதியாக மாறிவிடும். இடையில் ஒரு கல்யாணம் வந்தால் அக்கா வெறுங்கையோடு நிற்பார். வேறு வழியில்லாமல் ஏற்றால், அடகு அக்கா பெயரிலேயே இருக்கட்டும், ரசீதும் அவரிடமே இருக்கட்டும். வட்டியோடு மீட்கும் முழுத்தொகையை நீங்கள் தேதிக்கு முன்பே அனுப்புங்கள்.

"திருப்பியெல்லாம் தர வேண்டாம்டா, புள்ள படிப்புக்குத்தானே" என்று அக்கா சொன்னாலும், "இல்லக்கா, செப்டம்பர் அஞ்சு" என்று தேதியைத் திரும்பச் சொல்லுங்கள். அந்த நேரத்துப் பாசம் அது. மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் ஒரு செலவு வரும்போது அதன் நினைவு வேறு மாதிரி இருக்கும்.

பேசியதும் எழுத்தில் இரண்டு வரி

நெருங்கிய சொந்தத்தில் இந்தத் தொகைக்குப் புரோநோட் தேவையில்லை. கேட்டால் மறுக்காமல் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் அன்றே ஒரு செய்தி போதும். அதைக் கொடுப்பவர் கேட்டு வாங்குவது சங்கடம், வாங்குபவரே அனுப்புவதுதான் முறை:

"அக்கா, பேசியபடி கைமாற்று ரூ. 38,000. செப்டம்பர் 5-ம் தேதி முழுவதும் உன் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். அத்தானிடமும் காட்டு."

பின்னால் தேதியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இதுதான் சாட்சி. அக்கா மறந்தாலும் நீங்கள் மறந்தாலும் போனைத் தேடினால் கிடைக்கும்.

பணம் வங்கி வழியாகத்தான்

இது வசதிக்காகச் சொல்வதல்ல. இந்திய வருமான வரிச் சட்டப்படி, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது, ரொக்கமாகத் திருப்பவும் கூடாது. சொந்தத்துக்கு என்று பொது விலக்கு இல்லை. இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே, வரிக்குரிய வருமானம் இல்லை என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மீறினால் அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம், அதுவும் வாங்கியவர் மேல்தான் விழும். 19,000-மாக இரண்டு முறை ரொக்கம் வாங்கினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே நிலுவையில் இருப்பதையும் சேர்த்துத்தான் 20,000 கணக்கிடப்படும், எனவே தப்பாது. வட்டியில்லாமல் வாங்கிய கடன் வருமானமும் ஆகாது, அதற்கு வரி கிடையாது.

யூபிஐ வழியாகச் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை போகும். ஆனால் அக்கா புதிதாக யூபிஐ தொடங்கியிருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 5,000-க்கு மேல் போகாது. போனையோ சிம்மையோ மாற்றியிருந்தாலும் சில நேரம் வரம்பு குறையும். வங்கிச் செயலியில் புதிய கணக்கைச் சேர்த்தாலும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். அதனால்தான் 14 கடைசி நாள் என்றால் 10-ம் தேதிக்குள் கேட்பது. முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, வந்ததை உறுதிசெய்துவிட்டு மீதியை அனுப்பச் சொல்லுங்கள். குறிப்புப் பெட்டியில் `LOAN RETURN 05 SEP` என்று போட்டால் வங்கிக் கணக்கு விவரத்திலும் அது நிற்கும். பணம் வந்ததும் "வந்துருச்சு" என்று ஒரு செய்தி. கட்டணம் கட்டியதும் ரசீதின் படம். கேட்ட பணம் கேட்ட வேலைக்குத்தான் போனது என்று காட்ட வேறு பேச்சு எதுவும் வேண்டாம்.

இடைப்பட்ட இரண்டு மாதம்

பாக்கி இருக்கும்வரை புதுப் போன், குற்றாலம் டூர், ஓட்டல் பிரியாணி எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற வேண்டாம். அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். பார்ப்பார். அதேபோல, பணம் வாங்கிய பிறகு போன் செய்வதையே நிறுத்திவிடுவதும் தப்பு. வழக்கம்போல் பேசுங்கள்.

தேதிக்கு ஒரு வாரம் முன்பு, அதாவது ஆகஸ்ட் 29-ல், பணம் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வராவிட்டால் சீட்டு நடத்துபவரிடம் எந்த நாள் என்று கேளுங்கள். "அடுத்த வாரம்" என்று சொன்னால் எந்தக் கிழமை என்று கேளுங்கள். பணம் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், அன்றே அக்காவுக்குச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 5 மாலை வரை காத்திருக்கக்கூடாது. அந்தத் தேதியை நம்பி அவர்கள் வேறு ஏதாவது செலவைப் போட்டிருக்கலாம்.

"அக்கா, சீட்டுப் பணம் எட்டாம் தேதிதான் தர்றாங்களாம். அஞ்சாம் தேதி சம்பளத்துலருந்து எட்டாயிரம் அனுப்பிடுறேன். மீதி முப்பது, பன்னெண்டாம் தேதி. உங்களுக்கு அஞ்சாம் தேதியே முழுசா வேணும்னா இப்பவே சொல்லு, நான் வேற ஏற்பாடு பண்றேன்."

இங்கே மூன்று விஷயம் இருக்கிறது: பழைய தேதியில் ஒரு பகுதி, மீதிக்குப் புதுத் தேதி, அவர்களுக்கு நெருக்கடியா என்ற கேள்வி. பகுதிப் பணம் எதுவும் இல்லாமல் புதுத் தேதி மட்டும் சொன்னால், அது அடுத்த தள்ளிவைப்புக்கு முன்னோட்டம்போல் கேட்கும். தேதியை ஒரு முறைதான் மாற்றலாம். இரண்டாவது முறை மாற்றுவதைவிட வெளியில் வட்டிக்கு வாங்கியாவது அக்காவுக்குக் கொடுத்துவிடுவது மேல்.

திருப்பும் நாள்

சீட்டுப் பணம் 95,000 கணக்கில் விழுந்ததும் முதல் வேலை 38,000-ஐ அனுப்புவது. 95,000-ஐப் பார்த்ததும் வீட்டில் பிரிட்ஜ், பீரோ என்று பேச்சு கிளம்பும். எனவே பணம் வந்த அன்றே, சொன்ன தேதிக்கு முன்னதாக இருந்தாலும், அனுப்பிவிடுங்கள். வங்கி வழியாக, வாங்கிய அதே கணக்குக்கு, அதே குறிப்போடு. பிறகு போன்: "அக்கா, முப்பத்தெட்டும் அனுப்பிட்டேன், வந்துருச்சான்னு பாரு. அத்தான் பக்கத்துல இருந்தா குடு, ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

மேலே ஐந்நூறு, ஆயிரம் சேர்த்து அனுப்ப வேண்டாம். அக்காவுக்கு வட்டி கொடுத்ததுபோல் ஆகிவிடும், சில வீடுகளில் அது அவமானம். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது நெல்லை அல்வா ஒரு கிலோ வாங்கிப் போனால் போதும்.